பெரிய வில் எங்கே போகிறது?

கொசைன் வளைவு மேலும் கீழும் முடிவில்லாமல் அலைந்துகொண்டே இருக்கும். அதை x² + 1 என்ற பகுதியால் வகுத்துவிட்டால் அலை அப்படியே இருக்கும், ஆனால் தொலைவு போகப் போக அதன் உயரம் தேய்ந்துவிடும். இப்படித் தேயும் அலையின் கீழுள்ள மொத்தப் பரப்பை, அச்சுக்கு மேலே இருப்பதைக் கூட்டியும் கீழே இருப்பதைக் கழித்தும், இடக்கோடி முதல் வலக்கோடி வரை கணக்கிட வேண்டும்:

I = ∫ cos x / (x² + 1) dx,  x = −∞ முதல் ∞ வரை

பள்ளியில் கற்ற முறை இங்கே உதவாது. cos x/(x² + 1) என்பதை வகைக்கெழுவாகக் கொண்ட சார்பை, நமக்குப் பழக்கமான சைன், மடக்கை, அடுக்குக்குறி ஆகியவற்றைக் கொண்டு எழுத முடியாது. ஆனால் விடை எந்த எல்லைக்குள் இருக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம். கொசைனின் மதிப்பு 1-ஐத் தாண்டாது. 1/(x² + 1)-இன் மொத்தப் பரப்பு π. ஆகவே I எந்த நிலையிலும் π-ஐ, அதாவது 3.1416-ஐ விடப் பெரிதாக இருக்க முடியாது. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சற்று நேரத்தில் ஒரு தவறான வழியை இது காட்டிக்கொடுக்கப் போகிறது.

உண்மையான விடை π/e, ஏறத்தாழ 1.1557. வட்டத்தின் π-யும் இயல்மடக்கையின் e-யும் ஒரே பின்னத்தில் வந்து நிற்கின்றன. இந்த வகைத் தொகையீடுகள் லாப்லாஸின் பெயரால் வழங்குகின்றன. அவற்றுக்குப் பொதுவான வழியைத் திறந்தவர் கோஷி. 1814-இல், 25 வயதில், வரையறுத்த தொகையீடுகள் பற்றிய நீண்ட ஆய்வுரை ஒன்றைப் பாரிஸ் அகாதமியிடம் அவர் அளித்தார். அது அச்சேற 1827 ஆயிற்று. இடையில் 1825-இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வுரையில், தொகையிடும் பாதை மெய் அச்சை விட்டு விலகிக் கலப்பெண் தளத்தில் எப்படி வேண்டுமானாலும் வளைந்து செல்லலாம் என்ற கருத்தை வெளிப்படையாக முன்வைத்தார்.

அந்தக் கருத்தின் சாரம் இதுதான். கலப்பெண் தளத்தில் ஒரு மூடிய பாதை வழியே ஒரு சார்பைத் தொகையிடுகிறோம். பாதைக்குள்ளே சார்பு ஒழுங்காக இருந்தால் விடை சுழி. உள்ளே சில புள்ளிகளில் பகுதி சுழியாகி, சார்பு எல்லையற்றுப் போனால் அந்தப் புள்ளிகளைத் துருவங்கள் என்கிறோம். ஒவ்வொரு துருவத்துக்கும் எச்சம் என்று ஓர் எண் உண்டு. எச்சங்களைக் கூட்டி 2πi-ஆல் பெருக்கினால் மூடிய பாதையின் தொகையீடு கிடைத்துவிடும். பாதையின் வடிவமும் அளவும் கணக்கில் வருவதே இல்லை. எந்தத் துருவங்கள் உள்ளே அகப்பட்டன என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

நமக்கு வேண்டியதோ மூடிய பாதை அல்ல, மெய் அச்சு என்ற நேர்கோடு. எனவே −R முதல் R வரையுள்ள கோட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு, R-இலிருந்து மேலே எழுந்து −R-இல் வந்து இறங்கும் ஓர் அரைவட்டத்தால் அதை மூடுகிறோம். மூடிய பாதையின் மதிப்பு எச்சத்திலிருந்து தெரியும். அதிலிருந்து வில்லின் பங்கைக் கழித்தால் கோட்டுத் துண்டின் பங்கு மிஞ்சும். பிறகு R-ஐப் பெருக்கிக்கொண்டே போனால் கோட்டுத் துண்டு முழு அச்சாக விரியும்.

எச்சம் காண்பது இரண்டு வரி வேலை. இந்த முறையின் கனம் முழுவதும் வில்லின் மேல்தான் இருக்கிறது. R வளர வளர வில்லும் நீள்கிறது. அதன் நீளம் πR. நீண்டுகொண்டே போகும் ஒரு பாதையின் பங்கு சுழியை நோக்கிப் போகிறது என்று எப்படிச் சொல்வது? பாடநூல்கள் பலவும் இதை ஒரே வரியில் கடந்துவிடுகின்றன. மாணவர்களும் "வில்லின் மேல் தொகையீடு சுழியாகிறது" என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். அந்த வரி பொய்யாகும் இடங்கள் உண்டு. முதல் இடம் நம் கணக்கின் வாசலிலேயே இருக்கிறது.

கையில் இருப்பது cos x. ஆகவே x-க்குப் பதிலாக z என்று எழுதி, cos z/(z² + 1) என்பதையே எடுத்துக்கொள்ளத் தோன்றும். பகுதி z² + 1 சுழியாகும் புள்ளிகள் i, −i. மேல் அரைத்தளத்தில் இருப்பது i மட்டும். அங்கே எச்சம் cos(i)/(2i). இதை 2πi-ஆல் பெருக்கினால் π cos(i). கற்பனை எண்ணின் கொசைன் ஒரு மெய்யெண்தான்: cos(i) = (e + 1/e)/2 = 1.5431. ஆக மூடிய பாதையின் மதிப்பு 4.8477. வில் சுழியாகிறது என்று சொல்லிவிட்டால் I = 4.8477 என்று முடியும். ஆனால் I, π-ஐத் தாண்ட முடியாது என்று முன்பே பார்த்தோம். வில்லின் பங்கு சுழி அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

என்ன நடந்தது? மெய் அச்சின் மேல் கொசைன் −1-க்கும் 1-க்கும் இடையில் அடங்கிக் கிடக்கும். அச்சை விட்டு மேலே ஏறினால் அந்த அடக்கம் போய்விடுகிறது. z = x + iy என்று எழுதினால், cos z என்பது e^(iz), e^(−iz) இரண்டின் சராசரி. முதலாவதன் மட்டு மதிப்பு e^(−y). இரண்டாவதன் மட்டு மதிப்பு e^(y). உயரம் y கூடக் கூட முதலாவது தேய்கிறது, இரண்டாவது பொங்குகிறது. R = 10 என்று வைத்து வில்லின் உச்சிக்குப் போய்ப் பாருங்கள். அங்கே z = 10i. cos(10i)-இன் மதிப்பு 11,013. பகுதியின் அளவு 99. பின்னம் 111-ஐத் தாண்டுகிறது. R = 20 என்றால் தொகுதி 24 கோடியைத் தாண்டிவிடும், பகுதியோ வெறும் 399. எந்தப் பல்லுறுப்புக்கோவையைப் பகுதியில் வைத்தாலும் இந்த அடுக்குக்குறி வளர்ச்சியை ஈடுகட்ட முடியாது.

தீர்வு இந்த விளக்கத்திலேயே இருக்கிறது. பொங்கும் பாதியை விட்டுவிட்டுத் தேயும் பாதியை மட்டும் வைத்துக்கொள்வோம். cos z-க்குப் பதிலாக e^(iz)-ஐ எடுத்துக்கொள்கிறோம். மெய் அச்சின் மேல் e^(ix) = cos x + i sin x. ஆகவே கடைசியில் மெய்ப்பகுதியை எடுத்தால் நமக்கு வேண்டிய கொசைன் தொகையீடு கிடைத்துவிடும். இதற்கு ஒரு நிபந்தனை உண்டு: விகிதமுறு சார்பின் கெழுக்கள் மெய்யெண்களாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மெய்ப்பகுதியில் சைனும் கலந்துவிடும்.

இப்போது f(z) = e^(iz)/(z² + 1). வில்லின் மேல் இதன் அளவை மேலிருந்து கட்டுப்படுத்த வேண்டும். தொகுதி எளிது: மேல் அரைத்தளத்தில் y எதிர்மமாக இருக்காது, எனவே e^(−y) ஒருபோதும் 1-ஐத் தாண்டாது. பகுதியில்தான் கவனம் வேண்டும். பின்னம் எவ்வளவு பெரிதாகலாம் என்று பார்க்கும்போது, பகுதி எவ்வளவு சிறிதாகலாம் என்றுதான் கேட்க வேண்டும். z² + 1-இன் மட்டு மதிப்பு R² + 1-ஐத் தாண்டாது என்பது உண்மைதான், ஆனால் இங்கே அது எதற்கும் பயன்படாது. அதைப் பகுதியில் போட்டால் சமனிலியின் திசையே தவறிவிடும். விடைத்தாள்களில் இந்தத் தவறு அடிக்கடி தலைகாட்டும். இறுதி எல்லை எப்படியும் சுழி என்றே வந்துவிடுவதால் கண்ணில் படாமலும் தப்பிவிடும். தேவை கீழ் எல்லை. முக்கோணச் சமனிலியின் மறுபக்கம் அதைத் தருகிறது: |z² + 1| ≥ R² − 1. இந்த மிகச் சிறிய மதிப்பு உண்மையில் எங்கே அமைகிறது என்று கேட்டால், z² = −R² ஆகும் இடத்தில், அதாவது வில்லின் உச்சியில்.

ஒரு பாதையின் மேல் தொகையீட்டின் அளவு, பாதையின் நீளத்தையும் சார்பின் உச்ச அளவையும் பெருக்கினால் வருவதைத் தாண்டாது. ஆகவே

|வில்லின் பங்கு| ≤ πR · 1/(R² − 1)

R பெருகினால் வலப்பக்கம் π/R போலத் தேய்ந்து சுழியை நோக்கிப் போகிறது. நீளம் R மடங்காக வளர்கிறது, சார்போ R²-இன் தலைகீழாகச் சுருங்குகிறது. சுருக்கம் வென்றுவிடுகிறது. இனி i-இல் எச்சம்: e^(i·i)/(2i) = e^(−1)/(2i). 2πi-ஆல் பெருக்கினால் π/e. இது ஏற்கெனவே மெய்யெண். I = π/e.

முதல் முயற்சியில் வந்த 4.8477-ஐ இப்போது திரும்பிப் பார்க்கலாம். அந்த மூடிய பாதையின் மதிப்பு சரிதான். அதிலிருந்து π/e-ஐக் கழித்தால் 3.6920 மிஞ்சும். R பெருகும்போது cos z-க்கு வில்லின் பங்கு போய்ச் சேரும் எல்லை அது. துல்லியமாகச் சொன்னால் π(e − 1/e)/2. இதில் வியப்பு ஒன்று இருக்கிறது. வில்லின் உச்சியில் சார்பு லட்சங்களாகவும் கோடிகளாகவும் உயர்கிறது, ஆனாலும் மொத்தப் பங்கு நான்கைக்கூடத் தொடவில்லை. அந்தப் பேரெண்கள் வில் நெடுகத் திசை மாறிச் சுழன்று ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. நீளத்தையும் உச்ச அளவையும் பெருக்கும் முறை இந்த அழிவைப் பார்க்காது; அளவை மட்டுமே பார்க்கும். ஆகவே cos z-க்கு மேல் எல்லை எல்லையற்று வளர்கிறது என்பதால் வில்லின் பங்கும் அப்படியே வளர்கிறது என்று முடிவுகட்டக் கூடாது. எல்லை கைவிட்டுவிட்டது என்று மட்டும்தான் சொல்லலாம்.

e^(iz)-க்கும் இந்த முறை எவ்வளவு தாராளமாக அளக்கிறது என்று எண்களில் பார்ப்போம். R = 10 எனில் மேல் எல்லை 10π/99, அதாவது 0.317. வில்லின் உண்மையான பங்கோ 0.007 அளவில்தான். நாற்பது மடங்குக்கு மேல் வித்தியாசம். நம் கணக்கில் இதனால் கேடில்லை, எல்லை சுழிக்குப் போனால் போதும். ஆனால் இந்த வீண் எங்கே நேர்கிறது என்று தேடிப் பார்த்தால் அடுத்த படிக்கான வழி தென்படும்.

R = 10 வில்லின் மேல், வலக்காலிலிருந்து கோணம் θ-வில் நிற்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உயரம் 10 sin θ. உச்சியில், 90 பாகையில், e^(−10): 0.00005-க்கும் குறைவு. 30 பாகைக்கு இறங்கி வந்தால் e^(−5), 0.007-க்கும் குறைவு. 6 பாகைக்குச் சற்று முன்னால் உயரம் 1 ஆகிறது. அங்கே e^(−1), 0.37. கால் பதியும் இடத்தில் மட்டுமே முழு 1. அதாவது வில்லின் பெரும்பகுதியில் தொகுதி ஏற்கெனவே செத்துக் கிடக்கிறது. உயிரோடு இருப்பது இரு காலடிகளை ஒட்டிய சிறு துண்டுகள் மட்டும். நாமோ வில் முழுவதிலும் தொகுதி 1 என்று வைத்துக் கணக்கிட்டோம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். R-ஐ 1000 ஆக்கினால் உயரம் 1-ஐத் தொடும் கோணம் 0.06 பாகைக்கும் கீழே போய்விடும், ஆனால் காலடியிலிருந்து அந்த உயரம் வரை வில்லின் நீளம் அப்போதும் ஏறத்தாழ 1 அலகுதான். காலடியில் வில் செங்குத்தாக எழுவதால் உயரமும் நீளமும் ஒன்றாகவே ஓடுகின்றன. வில் எவ்வளவு பெரிதானாலும் உயிருள்ள துண்டின் நீளம் மாறுவதில்லை.

பகுதியின் படி தொகுதியின் படியை விட இரண்டு கூடுதலாக இருக்கும்வரை இந்த நுணுக்கம் தேவைப்படாது. வித்தியாசம் ஒன்றே ஒன்று ஆகும்போது தேவைப்படுகிறது. இதைப் பாருங்கள்:

J = ∫ x cos x / (x² − 2x + 2) dx,  x = −∞ முதல் ∞ வரை

பகுதியின் சுழிகள் 1 + i, 1 − i. மேல் அரைத்தளத்தில் இருப்பது 1 + i. சார்பு z e^(iz)/(z² − 2z + 2). பழைய முறைப்படி எல்லை கட்டுவோம். தொகுதியில் |z| = R. பகுதிக்குக் கீழ் எல்லை R² − 2R − 2. நடு உறுப்பையும் கடைசி உறுப்பையும் முழுதாகக் கழித்துவிடுகிறோம், அதைவிடச் சிறிதாகப் பகுதி ஆக முடியாது. நீளம் πR. ஆக மேல் எல்லை πR²/(R² − 2R − 2). R = 10-க்கு இது 4.03. R = 100-க்கு 3.21. R = 1000-க்கு 3.148. இறங்குகிறது, ஆனால் π-யில் போய் நின்றுவிடுகிறது. R-ஐ எவ்வளவு பெருக்கினாலும் அதற்குக் கீழே வராது. வில் சுழியாகிறது என்று இதிலிருந்து சொல்ல வழியில்லை.

இங்கேதான் கமில் ஜோர்டானின் பெயர் தாங்கிய துணைத்தேற்றம் வருகிறது. லியோன் நகரில் 1838-இல் பிறந்த பிரெஞ்சுக் கணிதவியலர் அவர். தேற்றம் செய்வது ஒன்றுதான்: தொகுதியை 1 என்று கண்ணை மூடிக்கொண்டு வைக்காமல், e^(−R sin θ) என்பதை அப்படியே கோணத்தின் மேல் தொகையிடுவது. அந்தத் தொகையீடும் எளிய வடிவில் வராது. ஆனால் 0 முதல் 90 பாகை வரை சைன் வளைவு மேல்நோக்கிப் புடைத்திருக்கும். அதன் இரு முனைகளை ஒரு நாணால் இணைத்தால் வளைவு நாணுக்குக் கீழே எங்கும் இறங்காது. நாணின் சமன்பாடு 2θ/π, இங்கே θ ரேடியனில். 30 பாகையில் சைன் 1/2, நாண் 1/3. நாணின் உயரம் குறைவு என்பதால் அதை வைத்தால் தேய்வைக் குறைத்து மதிப்பிடுகிறோம். நமக்கு வேண்டியது மேல் எல்லைதானே, அது சரியான பக்கத்துப் பிழை. நேர்கோட்டின் அடுக்குக்குறியைத் தொகையிட எவருக்கும் தெரியும்:

∫ e^(−R sin θ) dθ (0 முதல் π வரை) ≤ 2 ∫ e^(−2Rθ/π) dθ (0 முதல் π/2 வரை) = (π/R)(1 − e^(−R)) < π/R

தொகுதியை 1 என்று வைத்திருந்தால் இடப்பக்கம் π ஆகியிருக்கும். இப்போது π/R. வில்லின் நீளத்தைக் காட்ட R-ஆல் பெருக்கினால், e^(−y)-யின் எடை போட்டு அளந்த நீளம் π-க்கும் குறைவு. வடிவியலின்படி வில் πR நீளம், தொகையீட்டின் கண்ணுக்கோ மூன்று அலகு சொச்சம்தான். காலடிகளில் நாம் பார்த்த உயிருள்ள துண்டுகள் இந்த எண்ணாக வெளிப்படுகின்றன. முதல் கணக்குக்கே இதைப் பயன்படுத்தினால் R = 10-இல் எல்லை 0.317-இலிருந்து 0.0317-க்கு இறங்கும்.

இனி J-க்கு எல்லை: R/(R² − 2R − 2) என்ற உச்ச அளவை, π-யை விடக் குறைந்த அந்த நீளத்தால் பெருக்கினால் போதும். R = 10-இல் 0.403, R = 1000-இல் 0.0031. சுழியை நோக்கி ஐயமின்றிப் போகிறது. எச்சத்துக்கு வருவோம். பகுதியின் வகைக்கெழு 2z − 2, 1 + i-இல் அதன் மதிப்பு 2i. ஆகவே

2πi · (1 + i) e^(i(1+i)) / (2i) = (π/e)(1 + i)(cos 1 + i sin 1)

மெய்ப்பகுதியை எடுத்தால் J = (π/e)(cos 1 − sin 1), அதாவது −0.348. எதிர்மறை விடை கண்டு தயங்க வேண்டாம். x = 1 + t என்று மாற்றிப் பார்த்தால் J இரண்டாகப் பிரியும்: cos 1-ஆல் பெருக்கிய நம் பழைய I ஒன்று; sin 1-ஆல் பெருக்கிக் கழிக்க வேண்டிய t sin t/(t² + 1)-இன் தொகையீடு மற்றொன்று. அதன் மதிப்பும் π/e-தான். இரண்டும் பொருந்துகின்றன.

அலையின் வேகத்தை மாற்றினால் என்ன ஆகும் என்பதில் இந்த வில்லின் குணம் முழுதாகத் தெரியும். cos x-க்குப் பதிலாக cos(ax) என்று வைப்போம். a நேர்மம் என்றால் e^(iaz)-இன் அளவு e^(−ay), கணக்கு அப்படியே நடக்கும். I-இன் இடத்தில் πe^(−a) வரும். a எதிர்மம் என்றால் அதே e^(−ay) மேல் அரைத்தளத்தில் பொங்கத் தொடங்கும். கவனிக்காமல் a = −1 என்று வாய்பாட்டில் போட்டால் πe, அதாவது 8.54 வரும். மீண்டும் π என்ற வேலி நம்மைத் தடுத்து நிறுத்துகிறது. அரைவட்டத்தைக் கீழ்ப்பக்கம் கவிழ்க்க வேண்டும், அல்லது கொசைன் இரட்டைச் சார்பு என்பதால் cos(−x)-ஐ cos x என்றே எழுதிக்கொண்டு மேலேயே இருந்துவிடலாம்.

a நேர்மமாக இருந்துகொண்டே சுழியை நெருங்கும் நிலை இன்னும் சுவையானது. ஜோர்டானின் எல்லை அப்போது π/(aR) என்று மாறுகிறது. J-யின் சார்பில் வில்லின் பங்கு நூறில் ஒன்றுக்குக் கீழே இறங்கியது என்று இந்த எல்லையைக் கொண்டு சொல்ல, a = 1-க்கு R ஏறத்தாழ 316 போதும். a = 0.01-க்கு R 31,400-ஐத் தாண்ட வேண்டும். அலை மந்தமாக ஆக, வில்லைச் சாகடிக்க மேலும் மேலும் தொலைவு தேவைப்படுகிறது. a = 0 ஆகிவிட்டால் எந்தத் தொலைவும் போதாது. அப்போது சார்பு z/(z² − 2z + 2) மட்டுமே. தொலைவில் அது 1/z போல நடந்துகொள்கிறது. 1/z-ஐ அரைவட்டத்தின் மேல் தொகையிட்டால், R எதுவாக இருந்தாலும், வருவது πi. வில் சுழியாவதில்லை, R பெருகப் பெருக அதன் பங்கு πi-யில் நிலைகொள்கிறது.

நீளத்தையும் உச்ச அளவையும் பெருக்கும் முறை π-யில் சிக்கி நின்றதற்குக் காரணமும் இதுவே. அந்த முறை பயன்படுத்தியது ஒரே ஒரு செய்தி: அடுக்குக்குறியின் அளவு 1-ஐத் தாண்டாது. அந்தச் செய்தி a = 0-க்கும் பொருந்தும். அங்கே வில் உண்மையாகவே π அளவு பங்கைச் சுமக்கிறது. ஆகவே அந்த ஒரு செய்தியை மட்டும் வைத்துக்கொண்டு π-க்குக் கீழான எல்லையை எவராலும் பெற முடியாது. a = 1-க்குரிய தேய்வைக் கணக்கில் கொண்டால்தான் கீழே இறங்கலாம்.

இந்த πi கற்பனை எண் என்பதால் கொசைன் தொகையீடு அதிலிருந்து தப்பிக்கிறது. a சுழியை நெருங்கும்போது J-யின் பொதுவடிவம் πe^(−a)(cos a − sin a), π-யை நோக்கி இடைவெளியின்றி வந்து சேரும்; a = 0-இல் −R முதல் R வரை சமச்சீராக எடுத்த எல்லையும் அதே π. அதே சார்பின் சைன் தொகையீடு அப்படியல்ல. a நேர்மமாக இருக்கும்வரை அது πe^(−a)(sin a + cos a). a சுழியை நெருங்க அது π-யை நெருங்குகிறது. ஆனால் a = 0-இல் sin(ax) முழுவதும் சுழி, எனவே தொகையீடும் சுழி. a எதிர்மமானால், சைன் ஒற்றைச் சார்பு என்பதால், −π-யிலிருந்து தொடங்குகிறது. அந்த ஒரு புள்ளியில் மதிப்பு π-யிலிருந்து −π-க்குத் தாவுகிறது. a = 0-இல் வில் தன்னிடம் வைத்துக்கொண்ட πi-தான் மெய் அச்சில் இந்தப் பாதித் தாவலாக, π அளவில், தெரிகிறது.